பச்சிளங்குழந்தையின் மஞ்சள் நிறம்: கண் எவ்வளவு அளக்கும்?

இன்றிரவு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு வெளிர் மஞ்சள் தாளையும் அருகருகே வையுங்கள். மின்விளக்குகளை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். எது வெள்ளை, எது மஞ்சள் என்று சொல்லத் திணறுவீர்கள். காலையில் அதே தாள்களைச் சன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

இதன் காரணம் எளியது. மஞ்சள் பொருள் என்பது தன்மேல் விழும் வெள்ளொளியிலிருந்து நீல நிறத்தை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்பும் பொருள். நீலம் குறைந்திருப்பதைத்தான் நம் கண் மஞ்சள் என்று காண்கிறது. மெழுகுவர்த்தி ஒளியில் நீலம் முதலிலேயே மிகக் குறைவு. இல்லாத ஒன்றை விழுங்குவது எப்படி? எனவே இரண்டு தாள்களும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இந்தச் சிறிய உண்மை, பிறந்து மூன்று நாளே ஆன ஒரு குழந்தையின் மூளையைக் காக்கும் வேலையில் வந்து குறுக்கிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை முதல் வாரத்தில் சற்றே மஞ்சளாகின்றன. இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து சிதையும்போது, அவற்றிலுள்ள ஹீமோகுளோபினிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. 1 கிராம் ஹீமோகுளோபின் சிதைந்தால் ஏறக்குறைய 35 மில்லிகிராம் பிலிரூபின் வரும். குழந்தையின் உடலில் சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் ஆயுளோ நம்முடையதைவிடக் குறைவு. ஆகவே உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், குழந்தை பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிலிரூபினை உண்டாக்குகிறது.

இதை வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிலிரூபின் தண்ணீரில் எளிதில் கரையாது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதைக் கரையும் பொருளாக மாற்றிப் பித்தநீரில் விடுகிறது. பிறந்த நேரத்தில் இந்த நொதியின் ஆற்றல் பெரியவர்களுக்கு உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். வரவு அதிகம், செலவு குறைவு என்றால் இருப்பு ஏறத்தானே செய்யும்? பெரும்பாலான குழந்தைகளில் இது 3 முதல் 5 நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, நொதி வலுப்பெற்றதும் தானே இறங்கிவிடுகிறது.

சில குழந்தைகளில் அது இறங்குவதில்லை. மிகுதியாகச் சேர்ந்த பிலிரூபின் மூளைக்குள் புகுந்து, அசைவுகளைச் சீர்படுத்தும் நரம்பணுத் திரள்களையும், ஒலியை மூளைக்குக் கொண்டு செல்லும் பாதையையும் அழிக்கக் கூடும். அந்தக் குழந்தை உயிர் பிழைத்தாலும் காது கேளாமை, கட்டுப்படாத உடல் அசைவுகள் ஆகியவற்றோடு வாழ்நாள் முழுதும் இருக்க நேரிடும். போன நரம்பணு திரும்புவதில்லை. ஆனால் வேளையோடு கண்டுபிடித்தால் இது முற்றிலும் தடுக்கக் கூடியது.

மருத்துவர் எப்படிப் பார்க்கிறார்?

மருத்துவர் குழந்தையின் துணியை அகற்றி, பகல் வெளிச்சம் வரும் சன்னலருகே கொண்டு செல்கிறார். பிறகு நெற்றியில் விரலால் மெல்ல அழுத்தி எடுக்கிறார். ஏன் அழுத்த வேண்டும்? தோலின் நுண்குழாய்களில் ஓடும் சிவந்த இரத்தம் மஞ்சளை மறைத்துவிடும். அழுத்தும்போது இரத்தம் ஒரு நொடி விலகுகிறது. அடியிலுள்ள நிறம் வெளிப்படுகிறது. இதேபோல் மார்பு, வயிறு, தொடை, கால், உள்ளங்கால் என்று கீழ்நோக்கி அழுத்திப் பார்க்கிறார். மாநிறமும் கறுப்புமான தோலில் மெலனின் என்ற நிறப்பொருளும் நீல ஒளியை விழுங்குவதால், மஞ்சளைப் பிரித்தறிவது கடினம். அப்போது ஈறுகளையும் அழுத்திப் பார்ப்பதுண்டு.

மஞ்சள் முதலில் முகத்தில் தோன்றிக் காலை நோக்கி இறங்குகிறது. இதை 1969இல் கிராமர் என்ற அமெரிக்க மருத்துவர் இரத்தச் சோதனைகளோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார். 100 மில்லிலிட்டர் சீரத்தில் எத்தனை மில்லிகிராம் பிலிரூபின் என்பதே இங்கே அளவு. பெரியவர்களுக்கு இது 1க்கும் குறைவு. கிராமர் கண்ட அளவுகள் இவை:

முகம், கழுத்து மட்டும்: 4 முதல் 8
தொப்புள் வரை: 5 முதல் 12
அடிவயிறு, தொடை வரை: 8 முதல் 16
கைகள், முழங்காலுக்குக் கீழே: 11 முதல் 18
உள்ளங்கை, உள்ளங்கால்: 15க்கு மேல்

இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். 11 என்ற அளவு எந்த வரியில் வருகிறது? இரண்டாவது வரியிலும் வருகிறது, மூன்றாவதிலும் வருகிறது, நான்காவதிலும் வருகிறது! அதாவது ஒரே அளவு பிலிரூபின் உள்ள மூன்று குழந்தைகளில் ஒன்றுக்குத் தொப்புள் வரை, மற்றொன்றுக்குத் தொடை வரை, இன்னொன்றுக்குக் கால் வரை மஞ்சள் தெரியலாம். இந்த அளவுகோலின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தேர்ந்த மருத்துவர்களே ஒரே குழந்தையைப் பார்த்து வேறுவேறு மதிப்பீடு சொல்வதும் உண்டு. கண் நல்ல காவல்காரன்; ஆனால் அது தராசு அன்று.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். நிறைமாதம், எடை 3 கிலோ. தாயின் இரத்தம் O வகை, குழந்தையின் இரத்தம் A வகை. பிறந்த 30ஆம் மணியில் முகம் மஞ்சளாக இருக்கிறது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அளவு 7. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. "எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், இரண்டு நாளில் போய்விடும்" என்கிறார் பாட்டி. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

42ஆம் மணியில் மஞ்சள் தொப்புள் வரை இறங்கியிருக்கிறது. கண் சொல்வது என்ன? 5 முதல் 12 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பது மட்டுமே. 7 ஆகவே நின்றிருந்தாலும் இந்த வரிக்குள் அடங்கும். மறுபடி இரத்தம் எடுக்கிறார்கள், அளவு 10.6.

இப்போது நாம் வேகத்தைக் கணக்கிடுவோம். ஏற்றம் 10.6 − 7 = 3.6. காலம் 12 மணி. 3.6ஐ 12ஆல் வகுத்தால் மணிக்கு 0.3. முதல் நாள் கழிந்தபின் மணிக்கு 0.2 அல்லது அதற்கு மேல் ஏறினால், சிவப்பணுக்கள் வழக்கத்துக்கு மாறாக வேகமாகச் சிதைகின்றன என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள். இங்கே அதற்குக் காரணமும் கையிலேயே இருக்கிறது: O வகைத் தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகச் சென்று, குழந்தையின் A வகை அணுக்களைத் தாக்கலாம். இதே வேகம் நீடித்தால் அடுத்த 24 மணியில் 7.2 கூடி, அளவு 17.8 ஆகிவிடும். அதற்குள் குழந்தை வீட்டுக்குப் போயிருந்தால்? இரவு விளக்கில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆகவே மருத்துவர் அளவை மட்டும் பார்ப்பதில்லை. குழந்தையின் வயதை மணிக்கணக்கில் கிடை அச்சிலும், பிலிரூபினை நிலை அச்சிலும் வைத்து வரைந்த வரைபடத்தில் புள்ளியிடுகிறார். 12 என்ற அளவு 24ஆம் மணியில் இருந்தால் சிகிச்சையை யோசிக்க வேண்டிய நிலை. வேறு குறையில்லாத நிறைமாதக் குழந்தைக்கு 96ஆம் மணியில் அதே 12 இருந்தால், கவனித்து வந்தாலே போதும். முதல் 24 மணிக்குள் மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், எவ்வளவு இலேசாக இருந்தாலும் உடனே இரத்தச் சோதனை வேண்டும்.

ஒளி நிறத்தை அழிக்கும்போது

1956இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு நகர மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலும் காற்றும் படும்படி முற்றத்தில் வைப்பது வழக்கம். ஒரு நாள் அவர் காட்டிய குழந்தையின் உடல் வெளிறியிருந்தது. ஒரு முக்கோணத் திட்டு மட்டும் நல்ல மஞ்சள். போர்வையின் மூலை மூடியிருந்த இடம் அது! சில வாரங்களில், சன்னலோர வெயிலில் தவறுதலாக வைக்கப்பட்ட ஓர் இரத்தக் குழாயில் பிலிரூபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த கிரெமர் முதலிய மருத்துவர்கள் 1958இல் ஒளிச் சிகிச்சையை வெளியிட்டார்கள். 460 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி, பிலிரூபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மாறிய வடிவம் நீரில் கரைவதால், கல்லீரல் நொதிக்குக் காத்திராமலே வெளியேறுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. ஒளி முதலில் தோலின் நிறத்தைத்தான் போக்குகிறது. இரத்தத்தில் அளவு இன்னும் உயர்ந்தே இருக்கலாம். ஒளிச் சிகிச்சையில் உள்ள குழந்தையின் தோலைப் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். இரத்தத்தைத்தான் அளக்க வேண்டும். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் போகும் என்ற நம் வீட்டுப் பழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. நிறம் வெளுத்ததும் கவலை போய்விடும், பிலிரூபின் போயிருக்காது. வெயிலில் எவ்வளவு நீலம் கிடைத்தது என்ற கணக்கும் நம்மிடம் இல்லை.

இப்போது தோலின்மேல் ஒற்றி அளக்கும் கருவிகள் உள்ளன. அவை ஒளியைச் செலுத்தி, நீலமும் பச்சையும் எவ்வளவு திரும்பி வருகின்றன என்று தனித்தனியே அளந்து, வித்தியாசத்திலிருந்து பிலிரூபினைக் கணக்கிடுகின்றன. கருவி தன் விளக்கைத் தானே கொண்டுவருவதால் அறை வெளிச்சம் அதை ஏமாற்றாது. மருத்துவமனையை விட்டு அனுப்பும்போது எல்லாக் குழந்தைகளையும் இக்கருவியால் சோதிக்க உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. சிகிச்சை தேவைப்படும் அளவை நெருங்கினால் இரத்தச் சோதனையே முடிவு.

உங்கள் வீட்டில் பச்சிளங்குழந்தை இருந்தால், உச்சம் வரும் நாட்களில் அது பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவர் குறித்த மறுசோதனை நாளைத் தவறவிடக் கூடாது. குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, பால் குடிக்க மறுப்பது, கீச்சென்று அழுவது, முதுகை வில்லாக வளைப்பது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சிந்திக்க:

1. பிலிரூபின் சோதனைக்கு எடுத்த இரத்தக் குழாயை வெளிச்சம் படாமல் மூடி அனுப்புவது ஏன்?

2. ஒரு குழந்தைக்கு 36ஆம் மணியில் அளவு 6, 60ஆம் மணியில் 12. ஏறும் வேகம் என்ன? மருத்துவர் ஐயுறுவாரா?