வடை சுடும் வீடியோ: போனை எப்படி வைக்கலாம், ட்ரைபாடை எங்கே நிறுத்தலாம்?

பருப்பு வடை வீடியோ எடுக்கப் போகிறேன் என்றாயே, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அது எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்துகொள். ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் என்றால் போனை நிமிர்த்தி வைத்து எடு. கீழ்ப்பக்கத்தில் கேப்ஷனும் வலது ஓரத்தில் லைக் பட்டன்களும் வந்து மறைக்கும் என்பதால், வாணலி நடுவுக்குச் சற்று மேலே தெரியட்டும். யூடியூபில் முழு நீள வீடியோ என்றால் படுக்கையாக வை. டிவியில் பார்ப்பவர்களுக்கும் அதுதான் திரையை நிறைக்கும்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் எடுக்க வேண்டுமானால், படுக்கையாக வைத்து 4K-வில் எடு. அதிலிருந்து நெட்டுவாக்கில் வெட்டும்போது அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். 1080p-யில் எடுத்திருந்தால் அந்தத் துண்டு சுமார் 608 பிக்சல் அகலம்தான். ரீல்ஸுக்காக அதை 1080-க்கு இழுத்தால் வடையின் மொறுமொறுப்பெல்லாம் மங்கிவிடும். 4K என்றால் 1215 பிக்சல் கிடைக்கும், தாராளம். வாணலி மட்டும் நடுவில் இருக்கட்டும். மாவுப் பாத்திரமும் வடை எடுத்துவைக்கும் தட்டும் ஓரத்துக்குப் போகலாம், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

இனி ட்ரைபாட். நீ வலது கையால் வடை போடுகிறவள், அதனால் அடுப்புக்கு இடப்பக்கம் நிறுத்து. வலப்பக்கம் நிறுத்தினால் ஒவ்வொரு வடைக்கும் உன் முழங்கைதான் படத்தில் இருக்கும். வாணலிக்கு நேர் மேலே போனைக் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் தெறிக்கும், ஆவி லென்ஸில் படியும், கழன்று விழுந்தால் கொதிக்கிற எண்ணெயில்தான் விழும். பக்கவாட்டில் எட்டி நின்று, மேலிருந்து சாய்வாகப் பார்க்கட்டும். கிட்டத்தில் தெரிய வேண்டுமென்றால் போனை நெருக்காமல் 2x வைத்துக்கொள். படம் வெளுத்துப் புகைமூட்டமாகத் தெரிந்தால் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு என்று அர்த்தம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடர். ட்ரைபாடின் மூன்று கால்களில் ஒன்று போன் சாய்ந்திருக்கும் பக்கமாக நீண்டிருக்கட்டும், அப்போதுதான் முன்னால் கவிழாது. கேஸ் ட்யூப் காலில் சிக்காமல் பார்த்துக்கொள்.

வாழையிலையில் மாவைத் தட்டும் காட்சியை மட்டும் நேர் மேலிருந்து எடுக்கலாம், அழகாக வரும். அதில் ஒரு சங்கடம் உண்டு. போன் தரையைப் பார்த்துக் கிடக்கும்போது நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று அதற்கே பிடிபடாது, கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே பதிவு செய்யும். ரெக்கார்டிங் தொடங்கியபின் திருப்பினாலும் மாறாது. அதனால் வேண்டிய வாக்கில் போனை முதலில் நேராக நிமிர்த்திப் பிடி, திரையில் ஐகான்கள் அந்த வாக்கில் திரும்பியதும் ரெக்கார்டை அழுத்து, பிறகு மெதுவாகக் கவிழ்த்து வை. ஆரம்பத்தில் ஆடுகிற நொடிகளை எடிட்டில் வெட்டிக்கொள்ளலாம்.