கேபிள் செருகினால் ஆபீஸ் உறைவது ஏன்?

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது புத்தலப்பட்டு. அங்கே ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகத்துக்கு ஜூன் மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். கிளிமூக்கு மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். எடைமேடைக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கொள்முதல் அறையில் விவசாயிகளுக்கு ரசீது அடித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று கையை எடுத்துவிட்டு, "நெட் போயிந்தி சார்" என்றான். அரை நிமிடம் கழித்து அதுவாகவே வந்தது. "தினம் இப்படித்தான் சார். யாரோ எங்கேயோ ஒயரைச் செருகுகிறார்கள், இங்கே நின்றுவிடுகிறது" என்றார் கணக்கர்.

அந்த அலுவலகத்தில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேறு அலுவலகங்களிலும் இதே காரணங்களைத்தான் கேட்டிருக்கிறேன்.

நம்பிக்கை: சுவிட்ச் பழசாகிவிட்டது, புதிது வாங்கினால் சரியாகும்.

சுவிட்ச் திணறவில்லை, காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதற்கு விதி இருக்கிறது.

ஒரு போர்ட்டில் கேபிளைச் செருகியதும் சுவிட்சுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. மறுமுனையில் இருப்பது கணினியா, இன்னொரு சுவிட்சா? சுவிட்சாக இருந்து, அது வேறு வழியாகவும் தன்னோடு இணைந்திருந்தால் வலையமைப்பில் ஒரு வட்டம் உருவாகிவிடும். அதனால் அந்த போர்ட்டைத் திறக்காமல் 15 நொடி காது கொடுத்துக் கேட்கிறது. அடுத்த 15 நொடி எந்தக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கற்றுக்கொள்கிறது. 30 நொடி முடிந்த பிறகுதான் தரவை அனுப்புகிறது. பல சுவிட்ச்களில் அதுவரை போர்ட் விளக்கு ஆரஞ்சாக இருந்து, பிறகு பச்சையாகும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை நின்று பாருங்கள், கணக்கு சரியாக இருக்கும்.

இந்த முறைக்கு ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். ரேடியா பெர்ல்மன் 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைத்தது. பிறகு 802.1D என்ற தரமாக வந்தது. அதன் கால அளவுகள், வலையமைப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 சுவிட்ச்கள் வரை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. மூன்றே சுவிட்ச் உள்ள ஆலையும் அதே கணக்கில்தான் காத்திருக்கிறது. நூறு மடங்கு வேகமான சுவிட்சை வாங்கி, அதிலும் இதே பழைய முறை ஓடினால், அதுவும் 30 நொடிதான் எடுக்கும்.

நம்பிக்கை: யார் எந்த ஒயரைச் செருகினாலும் எல்லாருக்கும் நிற்கும்.

கணக்கர் சொன்னது இதைத்தான். இது பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்று தெரிந்தால்தான் கோளாறைப் பிடிக்க முடியும்.

ஒருவர் தன் மடிக்கணினியைச் செருகினால் 30 நொடி காத்திருப்பது அவருடைய போர்ட் மட்டும்தான். கணினி அந்த நேரத்தில் முகவரி கேட்டு, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படி ஆகிவிட்டால் விண்டோஸ் மறுபடி முகவரி கேட்க 5 நிமிடம் ஆகலாம். ஆனால் பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் ஆகாது. போர்ட் திறந்ததும் "அமைப்பு மாறியது" என்று ஒரு செய்தி எல்லா சுவிட்சுக்கும் போகும். அவை தங்கள் முகவரிப் பட்டியலைச் சீக்கிரம் அழித்துவிட்டுப் புதிதாகக் கற்கும். சின்ன அலுவலகத்தில் அது யார் கண்ணிலும் படாது.

அப்படியானால் கொள்முதல் அறை ஏன் நின்றது? அங்கே செருகப்பட்டது கணினியின் கேபிள் அல்ல.

ஆலையில் மூன்று சுவிட்ச்கள். கணக்கு அறையில் ஒன்று, சர்வரும் அங்கேதான். கொள்முதல் அறையில் ஒன்று. எடைமேடை அறையில் மூன்றாவது, சீசனுக்காக ஸ்டோரிலிருந்து தூசி தட்டி எடுத்து வைத்தது. ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று மூன்றையும் முக்கோணமாக இணைத்திருந்தார்கள், நல்ல யோசனைதான். எடைமேடைக்கு வரும் இரண்டு கேபிள்களும் திறந்தவெளியில் வருகின்றன. மாலையில் இடி இடித்தால் எடைமேடைக்காரர் பயந்து இரண்டையும் பிடுங்கிவிடுவார். மழை விட்டதும் திரும்பச் செருகுவார். நான் போன அன்றும் மதியமே இடி இடித்திருந்தது.

சுவிட்ச்கள் தங்களுக்குள் ஒன்றை வேராக, அதாவது ரூட்டாக, தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் யாருக்குக் குறைவோ அதுதான் ரூட். யாரும் எதையும் மாற்றாவிட்டால் எல்லாவற்றுக்கும் அந்த எண் 32768. சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும். ஒரே நிறுவனத்தின் பழைய சுவிட்சுக்குப் பெரும்பாலும் மேக் முகவரி சிறியதாக இருக்கும். ஆக, ஸ்டோரில் கிடந்த கிழட்டுப் பெட்டிதான் ஆலை முழுவதற்கும் ரூட் ஆகியிருந்தது.

இப்போது எடைமேடைக்காரர் கேபிளைத் திரும்பச் செருகும் காட்சியைப் பாருங்கள். முதலில் கணக்கு அறைக்குப் போகும் கேபிள். பழைய பெட்டி ரூட் ஆகிறது. எடைமேடைக்கு மட்டும் 30 நொடி காத்திருப்பு. கொள்முதல் அறை வழக்கம்போல் கணக்கு அறையோடு பேசிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அடுத்து கொள்முதல் அறைக்குப் போகும் கேபிள். கொள்முதல் சுவிட்ச் ஒரே கேபிள் தூரத்தில் ரூட்டைப் பார்க்கிறது. இதுவரை கணக்கு அறை வழியாக இரண்டு கேபிள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, இது குறுக்கு வழி. உடனே புதிய கேபிளைத் தன் பாதையாக வரித்துக்கொள்கிறது. முக்கோணத்தில் வட்டம் சுற்றக் கூடாதே, அதனால் கணக்கு அறைக்குப் போகும் பழைய பாதையை அந்த நொடியே அடைத்துவிடுகிறது. ஆனால் புதிய பாதை திறக்க 30 நொடி ஆகும். அந்த 30 நொடியும் கொள்முதல் அறைக்கு சர்வர் இல்லை. பையன் கையை எடுத்தது அப்போதுதான்.

இதை ஊகித்துச் சொல்லவில்லை. கொள்முதல் சுவிட்சில் `show spanning-tree detail` கொடுத்ததும் காரணம் ஒரே வரியில் வந்தது.

```
Number of topology changes 412 last change occurred 00:00:41 ago
        from GigabitEthernet0/23
```

கடைசி மாற்றம் 41 நொடிக்கு முன்பு, 23ஆம் போர்ட்டிலிருந்து. 23ஆம் போர்ட் எடைமேடைக் கேபிள். உறைந்த உடனே இந்த வரியைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை: ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிட்டால் தொல்லை விட்டது.

ஆலையில் யாரோ ஒருவர் இந்த யோசனையைச் சொல்லியிருந்தார். நல்லவேளை, செய்யவில்லை. ஈத்தர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது. வட்டத்தில் மாட்டிய ஒரு ஒலிபரப்புச் செய்தி, யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் எல்லா போர்ட்டையும் அது நிரப்பிவிடும். முக்கோணமாக இணைத்த அந்த ஆலையில் அணைத்த மறுகணமே அது நடந்திருக்கும். 30 நொடி உறைவதற்குப் பதில் ஒரேயடியாகப் படுத்திருக்கும்.

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனைக்கு நேர்ந்தது இந்த வகைதான். சேர்த்துச் சேர்த்து வளர்ந்த வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீ தாங்கும் 7 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. வட்டங்களை அடைக்க முடியாமல் போனது. மருத்துவர்கள் நாள் கணக்கில் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள்.

நம்பிக்கை: ரேபிட் முறைக்கு மாறினால் எல்லாம் ஒரு நொடியில் முடியும்.

2001இல் வந்த ரேபிட் ஸ்பானிங் ட்ரீயில் சுவிட்ச்கள் கேள்வி பதிலாகப் பேசி, பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிவெடுக்கின்றன. அது சுவிட்ச்களுக்கு இடையில். பாதை மாறும்போது ஒரு சுவிட்ச், வட்டம் வராமல் இருக்க, தன் மற்ற போர்ட்களை ஒரு கணம் மூடிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்கும். மறுமுனையில் சுவிட்ச் இருந்தால் பதில் வரும், உடனே திறக்கும். கணினிக்கும் பிரிண்டருக்கும் அந்தப் பேச்சு தெரியாது. பதில் வராத போர்ட் பழையபடி 30 நொடி காத்திருக்கும். அதாவது ரேபிட் முறையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால், ரூட் மாறும்போது ஒவ்வொரு கணினியும் உறையும், முன்பைவிட மோசம்.

அதனால் கணினி போர்ட்களுக்கு "இது ஓரம், இங்கே சுவிட்ச் இல்லை" என்று நாமே சொல்லிவைக்க வேண்டும். சிஸ்கோவில் அதற்குப் பெயர் போர்ட்ஃபாஸ்ட், மற்றவற்றில் எட்ஜ் போர்ட். பாதுகாப்பு போய்விடும் என்று பயந்து பலர் இதைத் தொடுவதில்லை. அந்த போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ அணைவதில்லை, காத்திருப்பு மட்டும்தான் போகிறது. கூடவே பிபிடியு கார்டையும் போட்டால், ஒருவர் தன் மேசையில் வைத்திருக்கும் மலிவு சுவிட்சில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் செருகினாலும், நம் சுவிட்ச் தன் செய்தியே திரும்பி வருவதைக் கண்டு அந்த ஒரு போர்ட்டை மூடிவிடும். சுவிட்ச்களை இணைக்கும் போர்ட்களில் மட்டும் இந்த இரண்டையும் போடவே கூடாது.

புத்தலப்பட்டில் கணக்கு அறை சுவிட்சில் கொடுத்தது இவ்வளவுதான்:

```
spanning-tree mode rapid-pvst
spanning-tree vlan 1 priority 4096
interface range GigabitEthernet0/1 - 20
 spanning-tree portfast
 spanning-tree bpduguard enable
```

மற்ற இரண்டிலும் முன்னுரிமை வரியை விட்டுவிட்டு மீதியைக் கொடுத்தேன். ரூட் இப்போது சர்வர் இருக்கும் கணக்கு அறையில், பழைய பெட்டிக்கு அந்தப் பட்டம் இனி வராது. கொள்முதல் சுவிட்சுக்கு ரூட் ஒரே கேபிள் தூரத்தில் எப்போதும் இருப்பதால், எடைமேடைக் கேபிள் வந்தாலும் போனாலும் அது பாதையை மாற்றத் தேவையில்லை.

எடைமேடைக்காரரையே கூப்பிட்டு இரண்டு கேபிளையும் பிடுங்கிச் செருகச் சொன்னேன். கொள்முதல் அறையில் ரசீது நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இடிக்குப் பயப்பட்டது மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம். வெளியில் போகும் அந்த இரண்டு செம்புக் கேபிள்களையும் அடுத்த சீசனுக்குள் ஃபைபராக மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.