இழுப்பதை விட விடுவது முக்கியம்

கேள்வி: பேருந்தில் போகும்போது தம்பிக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, செத்துவிடுவோம் என்ற பயம் வருகிறது. இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. அப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இதயம் நன்றாக இருந்தும் விரல் ஏன் மரத்துப்போகிறது? பயத்தில் தம்பி வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரலும் உதடும் மரக்கின்றன, தலை சுற்றுகிறது. அதைக் கண்டு பயம் மேலும் ஏறுகிறது.

அதனால்தான் ‘நல்லா மூச்சை இழு’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது நிலைமையை மோசமாக்கும். அவர் மூக்கால் மெதுவாக, 4 எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடட்டும். நீங்களும் கூடவே தணிந்த குரலில் எண்ணலாம். பயம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிவிடும். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். உண்மையில் மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்து.

முடிந்தால் பயணத்தைத் தொடர்வதே நல்லது. ஒவ்வொரு முறையும் பாதியில் இறங்கினால், பேருந்தே பயமாகிவிடும்.

நெஞ்சு வலி வந்து தாடைக்கோ கைக்கோ பரவினால், மயங்கினால், உடனே 108. ‘மறுபடி வருமோ’ என்ற அச்சம் ஒரு மாதம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் நன்கு பலன் தருகின்றன. உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் காத்திருக்கக் கூடாது. தனியே விடாமல் அன்றே மருத்துவமனை. டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.