முள் 14,200-இல், நிலையம் 15,110-இல்



உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பழைய டிரான்சிஸ்டர் செட்டில் 14,200 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் முள்ளை வைத்தால் ஹாம் நண்பர்களின் பேச்சு வாத்து கத்துவதுபோலக் கேட்கிறது, அதன் மேலேயே ஒரு வெளிநாட்டு நிலையத்தின் பாட்டும் செய்தியும் தெளிவாக வந்து விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாத்துக் குரலுக்குக் காரணம் வேறு. ஹாம்கள் சுமப்பலையை நீக்கிவிட்டு அனுப்புகிறார்கள், அதைப் பிரித்தெடுக்கும் சுற்று சாதாரண செட்டில் கிடையாது. பாட்டுதான் விஷயம். அந்தப் பட்டை ஹாம்களுக்கென்று ஒதுக்கியது, அங்கே ஒலிபரப்பு நிலையம் இருக்கக் கூடாது. உண்மையில் அங்கே அப்படி எந்த நிலையமும் இல்லை. முள்ளை மெதுவாக மேலே நகர்த்தி 15,110-க்குக் கொண்டு போங்கள். அதே பாட்டு, அதே வரி, அதே நொடியில் அங்கேயும் கேட்கும், இன்னும் பலமாக. நிலையம் இருப்பது அங்கேதான். நீங்கள் 14,200-இல் கேட்டது அதன் பிம்பம்.

இரண்டுக்கும் இடையே 910 கிலோஹெர்ட்ஸ். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் செட் வேலை செய்யும் விதமே புரிந்துவிடும்.

மத்திய அலையில் தொடங்குகிறேன், அங்கே எண்கள் சிறியவை. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். நீங்கள் முள்ளை அங்கே வைக்கும்போது செட்டுக்குள் ஆஸிலேட்டர் என்ற சிறு சுற்று 1391 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கும். திருச்சியின் அலையும் இதுவும் ஒரே டிரான்சிஸ்டருக்குள் நுழைகின்றன. இரண்டையும் வெறுமனே கூட்டினால் புதிதாக ஒன்றும் பிறக்காது. இந்த டிரான்சிஸ்டரைக் கூட்டலோடு நின்றுவிடாதபடி அமைத்திருக்கிறார்கள். ஆஸிலேட்டரின் ஒவ்வொரு துடிப்புக்கும் அது திருச்சி அலையை அதிகமாகவும் குறைவாகவும் பெருக்கும். அப்படி ஒன்று மற்றொன்றை ஏற்றி இறக்கும்போது, இரண்டின் கூட்டுத்தொகையான 2327-உம் வித்தியாசமான 455-உம் புதிதாகப் பிறக்கின்றன. திருச்சியின் பேச்சும் பாட்டும் அந்த 455-இன் மேலும் அப்படியே ஏறியிருக்கும். அடுத்து வரும் சுற்றுகள் 455-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

இப்போது முள்ளைச் சென்னைக்கு, 720-க்குத் திருப்புங்கள். ஆஸிலேட்டர் 1175-க்கு இறங்கும். வித்தியாசம் மறுபடியும் 455. எந்த நிலையத்துக்குப் போனாலும் ஆஸிலேட்டர் 455 மேலே தள்ளியே கூட வரும். இதற்காகத்தான் டியூனிங் குமிழுக்குப் பின்னால் இருக்கும் கேங்க் கண்டென்சரில் ஒரே தண்டில் இரண்டு பகுதிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஏரியல் சுருளோடு, மற்றது ஆஸிலேட்டர் சுருளோடு. செட்டைத் திறந்தால் சதுரமான சிறு தகர டப்பாக்கள் வரிசையாக நிற்பதையும் பார்ப்பீர்கள். பெரும்பாலான செட்டுகளில் தலையில் சிவப்பு மை இருப்பது ஆஸிலேட்டர் சுருள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் 455-க்கு என்றே நிரந்தரமாக ஒத்திசைத்த ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள்.

அந்த நிரந்தரம்தான் இந்த ஏற்பாட்டின் பலம். நிலையத்துக்கு நிலையம் மாறிக்கொண்டிருக்கும் நான்கைந்து சுற்றுகளை ஒரே தண்டில் கோத்து ஒற்றுமையாக நகர்த்துவது பெரும் பாடு. அதற்குப் பதிலாக எல்லா நிலையங்களையும் ஒரே இடத்துக்கு இறக்கிவிட்டால் பெருக்குவதையும் பிரிப்பதையும் அங்கேயே ஒரு தடவை ஒழுங்காகச் செய்துகொள்ளலாம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ அதிகாரியாகப் பாரிஸில் இருந்தார். 1918-இல் இந்த முறையை அவர் வகுத்ததற்குக் காரணமும் இதை ஒட்டியதுதான். அன்றைய வால்வுகளால் உயர்ந்த அதிர்வெண்களைச் சரியாகப் பெருக்க முடியவில்லை, ஆகவே அவற்றைக் கீழே இறக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்ஸில் லூசியன் லெவியும் இதே வழியைக் கண்டிருந்தார். காப்புரிமைக்காக இருவருக்கும் இடையே வழக்கும் நடந்தது.

ஆஸிலேட்டர் ஓடுவதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால், முள் வைத்த பழைய செட் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லு ஒன்றே எல்லாம் செய்யும் புதிய டிஜிட்டல் செட் இதற்கு உதவாது. இரவில் ஒரு செட்டை 1395-க்கு அருகில் ஒரு மெலிந்த நிலையத்தில் வையுங்கள். மற்றதை அதை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் வைத்து, முள்ளை 940-ஐச் சுற்றி மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். முதல் செட்டில் ஒரு சீழ்க்கை மேலிருந்து கீழே இறங்கி, அடங்கி, மறுபடி மேலே ஏறும். இரண்டாவது செட்டின் ஆஸிலேட்டர் 1395-ஐக் கடந்து போவதைத்தான் காதால் கேட்கிறீர்கள்.

இனி உங்கள் தொல்லைக்கு வருவோம். முள் 14,200-இல் இருந்தால் ஆஸிலேட்டர் 14,655. அதிலிருந்து 14,200-ஐக் கழித்தால் 455. ஆனால் 15,110-இலிருந்து 14,655-ஐக் கழித்தாலும் அதே 455 வருகிறதே! கலக்கும் டிரான்சிஸ்டருக்கு வித்தியாசம்தான் கணக்கு. நிலையம் ஆஸிலேட்டருக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 455 கீழே ஒன்று, 455 மேலே ஒன்று, ஆக 910. உங்கள் எண் வந்துவிட்டது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கலந்த பிறகு உண்மையும் பிம்பமும் ஒரே 455-இல் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும் அவற்றைப் பிரிக்க வழியில்லை. ஆகவே தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த மஞ்சள், வெள்ளை, கறுப்பு டப்பாக்களைத் திருகாதீர்கள். பாட்டு போகாது, செட்டின் கூர்மைதான் போகும். பிம்பத்தைத் தடுக்க வேண்டுமானால் அது கலப்பதற்கு முன்னால், வாசலிலேயே தடுக்க வேண்டும்.

உங்கள் செட்டில் வாசலில் நிற்பது ஏரியல் பக்கத்தின் ஒரே ஒரு ஒத்திசைவுச் சுற்று. அதன் தரக்காரணி, அதாவது க்யூ, 100 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸில் செட் இருந்தால் பிம்பம் 1910-இல் இருக்கும், ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். அந்தச் சுற்று பிம்பத்தைச் சுமார் 140-இல் ஒரு பங்காக்கிவிடும். அதே சுற்று 14,200-இல் இருக்கும்போது 15,110 என்பது ஆறு சதவீதம் மட்டுமே தள்ளி நிற்கிறது. அதை 12-இல் ஒரு பங்காக மட்டும்தான் குறைக்க முடியும். தொலைதூர ஹாம் ஒருவர் நூறு வாட்டில் அனுப்புகிறார். ஒலிபரப்பு நிலையமோ நூற்றுக்கணக்கான கிலோவாட்டில் அனுப்புகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கானாலும் அது அவரை அமுக்கிவிடும். பத்தொன்பது மீட்டர் ஒலிபரப்புப் பட்டை 15,100-இல் தொடங்குவதும், ஹாம் பட்டை 14,350-இல் முடிவதும் சேர்ந்துதான் உங்களை இந்த இடத்தில் மாட்டிவிட்டிருக்கின்றன. 910-ஐக் கழித்தால் ஒன்றின் அடிப்பகுதி மற்றதன் மேல்பகுதியில் சரியாக விழுகிறது.

மத்திய அலையில் இந்தத் தொல்லையே இல்லையா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை. திருச்சியின் பிம்பம் 1846-இல் விழும், அங்கே நம் பக்கத்தில் மத்திய அலை நிலையம் கிடையாது, பட்டை 1602-இலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் பட்டையின் அடியில், 692-க்குக் கீழே உள்ள நிலையங்களுக்கு மட்டும் பிம்பம் பட்டைக்குள்ளேயே விழும். அது எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். முள்ளை 549-இல் வையுங்கள். ஆஸிலேட்டர் 1004. இரவில் 1458-இல் வலுவான நிலையம் ஒன்று வருவதாக வைத்துக்கொண்டால், அது 454-ஆக இறங்கும். உண்மையான நிலையம் 455. இரண்டும் ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதால் காதில் ஒரு கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கை. இப்போது முள்ளை அரை கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்தினால் உண்மை 455.5-க்கு ஏறும், பிம்பம் 453.5-க்கு இறங்கும், சீழ்க்கை இரண்டு கிலோஹெர்ட்ஸாக எகிறும். கீழே அரை நகர்த்தினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சீழ்க்கை அடங்கிவிடும். முள்ளை நகர்த்தினால் சுருதி மாறுகிற சீழ்க்கை பிம்பத்தால் வருவது. பக்கத்துப் பக்கத்தில் உண்மையாகவே இருக்கும் இரண்டு நிலையங்கள் மோதினால், நீங்கள் முள்ளை எப்படி அசைத்தாலும் சீழ்க்கையின் பலம் மாறலாமே தவிர சுருதி மாறாது.

ஐ.எஃப்-ஐயே பெரிதாக வைத்தால் பிம்பம் தூரப் போய்விடாதா என்றால், போகும். எஃப்.எம். செட்டுகளில் அது 10.7 மெகாஹெர்ட்ஸ். பிம்பம் 21.4 மேலே போய்விடுவதால் 88 முதல் 108 வரையுள்ள பட்டைக்குள் ஒரு நிலையம் இன்னொன்றுக்குப் பிம்பமாக வரவே முடியாது. ஆனால் உங்கள் சிற்றலைக்கு அது மட்டும் போதாது. அங்கே பத்து கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஒரு நிலையத்தைப் பிடித்து அடுத்ததை விலக்க வேண்டும். 455-இல் சாதாரணச் சுருளே அதைச் செய்யும், க்யூ ஐம்பது போதும். 10.7 மெகாஹெர்ட்ஸில் அதே கூர்மைக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும், படிகம் இல்லாமல் நடக்காது. ஆகவே நல்ல சிற்றலை செட்டுகள் இரண்டு முறை இறக்கும். பிம்பத்தைத் தூரத் தள்ள முதலில் 10.7-க்கோ அதைவிட உயரத்துக்கோ கொண்டுபோய், கூர்மைக்காக அங்கிருந்து 455-க்கு வரும். அப்படி ஒரு செட் 14,200-இல் இருந்தால் அதன் முதல் பிம்பம் 35,600-இல் விழும். அதே க்யூ 100 சுற்று அதை 200-இல் ஒரு பங்குக்கும் கீழே தள்ளிவிடும்.

புது செட் வாங்கச் சொல்லவில்லை. ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே 14,200-க்கு ஒத்திசைத்த இன்னொரு சுருளும் கண்டென்சரும் சேர்த்தால், உள்ளே இருக்கும் பன்னிரண்டோடு இதுவும் ஒரு பன்னிரண்டு பெருகி ஏறக்குறைய 150-இல் ஒரு பங்கு ஆகும். இரண்டு சுற்றும் ஒன்றையொன்று இழுக்காதபடி ஏரியலைச் சுருளின் அடியில் இரண்டு மூன்று சுற்றுகளில் மட்டும் கோர்த்துக்கொள்ளுங்கள். நீளக் கம்பி ஏரியலால் பயன் இல்லை, அது ஹாமையும் பாட்டையும் சேர்த்தேதான் உயர்த்தும். சுருளைக் கட்டிய பிறகு பகலில், அந்த நிலையம் பலமாக வரும் நேரத்தில், முள்ளை 14,200-இல் வைத்துக்கொண்டு வெளிக் கண்டென்சரைத் திருப்புங்கள். ஓரிடத்தில் பாட்டு உச்சத்துக்குப் போகும். அது 15,110. அங்கிருந்து தட்டுகளைக் கொஞ்சம் உள்ளே நுழைத்தால் பாட்டு தணிந்து வாத்துக் குரல் மேலே வரும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்