மனம் நோகாமல் மறுப்பது எப்படி?



குழுவோடு சேர்ந்து தொழில் செய்ய யாராவது கேட்டு வந்தால், முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. "பாக்கலாம்ணே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவரோ நாம் ஒத்துக்கொண்டதாக நினைத்து வேறு ஆளைத் தேடாமல் இருப்பார். கடைசியில் மனக்கசப்புதான் மிச்சம்.

இளையரசனேந்தல் பக்கம் உளுந்து உடைத்து விற்கும் ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரி மாதம் 500 கிலோ பருப்பு கேட்டு, கூட்டாகச் செய்யலாம் என்கிறார். நம் கரிசக்காட்டில் மானாவாரி உளுந்து தை மாதத்தை ஒட்டித்தான் வீட்டுக்கு வரும். வருசம் முழுக்கப் பருப்புக் கொடுக்க வேண்டுமானால் அப்போதே வாங்கி அடுக்க வேண்டும். 100 கிலோ உளுந்தில் சுமார் 70 கிலோ பருப்பு தேறும் என்றால் வருசத்துக்கு எட்டரை டன் உளுந்து வேண்டும். கிலோ 80 ரூபாய் என்றாலும் கிட்டத்தட்ட 7 லட்சம் ஆகிறது. குழுவிடம் இருப்பதோ ஒன்றரை லட்சம். அதனால் இந்த வருசம் முடியாது.

இதைக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். தலைவியும் செயலாளரும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, கடிதத்தையும் கொடுப்பது நல்லது. கடிதம் இப்படி இருக்கலாம்:

"அய்யா, எங்கள் பருப்பைப் பார்த்து நம்பிக் கேட்டதற்கு நன்றி. மாதம் 500 கிலோ தரும் அளவுக்கு உளுந்து வாங்கி வைக்க எங்களிடம் முதல் இல்லை. அதனால் இந்த வருசம் கூட்டுச் சேர இயலவில்லை. வங்கிக் கடன் கேட்க இருக்கிறோம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தை முடிவதற்குள் உங்களுக்குத் தகவல் சொல்கிறோம். அதுவரை மாதம் 100 கிலோ வேண்டுமானால் ரொக்கத்துக்குத் தருகிறோம்."

இதில் "இயலவில்லை" என்பது தெளிவாக இருக்கிறது. காரணமும் ஒன்றுதான். வீட்டுக்காரர் சம்மதிக்கலை, மெஷின் சரியில்லை என்று நாலு காரணம் அடுக்கினால், "மெஷின் நான் வாங்கித் தாரேன்" என்று அவர் ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லுவார். நாம் மறுபடி மறுக்க வேண்டியிருக்கும். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சொன்ன தை மாதத்தை மறக்கக் கூடாது. கடன் கிடைக்காவிட்டாலும் போய், "இன்னும் அமையலைண்ணே" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அடுத்த முறையும் நம்மைத் தேடி வருவார்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அவருடைய கணக்குவழக்கில் நமக்கு நம்பிக்கை இல்லை என்றால் "பிறகு பார்ப்போம்" என்று எழுத வேண்டாம். நன்றி சொல்லி, இயலாது என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க: நாம் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் பதில் சொல்லாமல் இருப்பது யாருக்கு?