பாட்டிலில் அடைத்த உருளைக்கிழங்கும் பத்து நிமிடக் கொதியும்

2015 ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் ஒரு தேவாலய விருந்து நடந்தது. ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டில் செய்து எடுத்துவந்து, எல்லோரும் பகிர்ந்து உண்ணும் விருந்து அது. சாப்பிட்ட 77 பேரில் 29 பேருக்கு பாட்டுலிசம் என்ற உணவு நச்சு நோய் வந்தது. 11 பேருக்குச் சுவாசக் குழாய் பொருத்த வேண்டியிருந்தது, ஒருவர் இறந்துபோனார். விசாரணை உருளைக்கிழங்கு சாலட்டில் போய் நின்றது. அந்தக் கிழங்கை ஒருவர் வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார். எங்கே தவறியது என்று பார்த்தால், காய்கறியைப் பாட்டிலில் அடைக்க ஆசைப்படுபவர்களுக்கும் டின் உணவு வாங்குபவர்களுக்கும் தெரியவேண்டிய பெரும்பாலான விஷயம் அதிலேயே இருக்கிறது.

1. கொதிக்கும் தண்ணீரை மட்டும் நம்பி காய்கறியைப் பாட்டிலில் அடைக்காதீர்கள். ஒஹாயோவில் நடந்த முதல் தவறு இதுதான். கிழங்கு நிரப்பிய பாட்டிலை, வெந்நீர்ப் பாத்திரத்தில் மூழ்கவைத்துக் கொதிக்கவிட்டு மூடியிருக்கிறார்கள். இந்த நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. ஆகவே மண்ணுக்குள் விளையும் கிழங்கோடு தாராளமாக வீட்டுக்குள் வரும். சூழல் சரியில்லாதபோது அது கெட்டியான ஓடு போர்த்திய வித்தாக மாறிவிடும். அந்த வித்து 100 டிகிரி கொதியில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். சாகடிக்க 121 டிகிரி வெப்பம், அதுவும் பாட்டிலின் நடுப்பகுதிவரை எட்டி, சுமார் 3 நிமிடமாவது நிற்கவேண்டும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு விறகு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. அரைகுறையாகக் கொதிக்கவைப்பது அந்த வித்துக்கு உதவிதான் செய்கிறது. போட்டிக்கு இருந்த மற்றக் கிருமிகள் செத்துப்போகும், உள்ளே இருந்த காற்று வெளியேறிவிடும், மூடி இறுகிக்கொள்ளும். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. ஈரம், மாவுச்சத்து, அறையின் சூடு, காற்றில்லாத இடம் எல்லாம் ஒருசேரக் கிடைத்ததும் வித்து முளைத்துப் பெருகி, நச்சைச் சுரக்கிறது.

2. எதை அடைக்கிறோம் என்று பாருங்கள். பி.ஹெச். அளவு 4.6-க்கு மேல் இருப்பது புளிப்பு குறைந்த உணவு. உருளைக்கிழங்கு, பீன்ஸ், பீட்ரூட், மக்காச்சோளம், காளான், பருப்பு, இறைச்சி, மீன் எல்லாம் இந்தப் பக்கம். அளவு 4.6-க்குக் கீழே போய்விட்டால் வித்து இருந்தாலும் முளைக்காது. போதுமான எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ந்த ஊறுகாய் பிழைப்பது அதனால்தான். தக்காளி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதை அடைக்கும்போது அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்ப்பது வழக்கம்.

3. சமையல் குக்கரில் அடைத்துவிடலாமே என்று தோன்றும். வெயிட் போட்ட குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி வரும் என்பது உண்மை. ஆனால் காய்கறி அடைப்பதற்கென்றே பெரிய அழுத்தப் பாத்திரங்கள் இருக்கின்றன. அரை லிட்டர் பாட்டில் உருளைக்கிழங்குக்கு அதில் 35 நிமிடம் என்று கணக்குப் போட்டபோது, அந்தப் பெரிய பாத்திரம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் நேரத்தையும் சேர்த்தே சோதித்திருக்கிறார்கள். நம் குக்கர் சட்டென்று சூடேறி சட்டென்று ஆறிவிடும், பாட்டிலின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடலாம். இத்தனை விசில் போதும் என்று யாராவது சொன்னால், அது வெறும் ஊகம். புளிப்பில்லாத காயை உறையவைத்தோ உலர்த்தியோ வைத்துக்கொள்வது மேல்.

4. புளிப்பு குறைந்த உணவை வீட்டில் அடைத்திருந்தால், திறந்ததும் அப்படியே சாப்பிடாதீர்கள். 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஒஹாயோவின் இரண்டாவது தவறு இங்கே. பாட்டிலிலிருந்து எடுத்த கிழங்கை மறுபடி சூடாக்காமலே சாலட்டில் கலந்துவிட்டார்கள்.

வித்து வேறு, அது முளைத்துச் சுரக்கும் நச்சு வேறு. நச்சு ஒரு புரதம். அது ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருப்பதால்தான் நரம்பின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டு, தசைக்குப் போகும் சைகையை நிறுத்துகிறது. சூட்டில் முட்டை வெள்ளைக்கரு இறுகுவதுபோல இந்தப் புரதமும் உருக்குலைந்துவிடும். அப்புறம் ஒட்டுவதற்கு அதற்கு உருவமே இருக்காது. 85 டிகிரியில் 5 நிமிடமே போதும் என்பார்கள். ஆனால் அந்தச் சூடு ஒவ்வொரு துண்டின் உள்ளேயும் போயிருக்கவேண்டும். கெட்டிக் குழம்பும் பெரிய துண்டும் அவ்வளவு சீக்கிரம் உள்ளே சூடேறாது. அதற்காகத்தான் 10 நிமிடக் கணக்கு. இடையிடையே கிளறிவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதிக்கும், பக்கத்திலேயே வெதுவெதுப்பாக இருக்கும்.

ஒன்றை மறக்கவேண்டாம். இந்தக் கொதியில் நச்சு அழியும், வித்து அழியாது. கொதிக்கவைத்ததை அன்றே சாப்பிட்டு முடியுங்கள். திரும்பவும் பாட்டிலில் இறுக மூடி அலமாரியில் வைத்தால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

5. மலை ஊர்களில் அந்த 10 நிமிடத்தைக் கூட்டுங்கள். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,000 அடிக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஏறத்தாழ 7,000 அடியில் இருக்கும் கொடைக்கானலில் 17 நிமிடம் ஆகும்.

6. உப்பிய டின், கசிந்த மூடி, திறக்கும்போது பீறிடும் திரவம், கெட்ட வாடை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கொதிக்கவைத்துக் காப்பாற்ற முயலாதீர்கள். தூக்கிப் போடவேண்டியதுதான். சிந்தியிருந்தால் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் துடையுங்கள். இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம்: நச்சு இருந்தும் நிறமோ மணமோ மாறாமல் இருக்கலாம். கெட்டுவிட்டதா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே அடியோடு விடுங்கள். ஒரு வாய் போதும், ஆளை வீழ்த்த.

7. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைக்காதீர்கள். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, பூண்டில் புளிப்பு கிடையாது. குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

8. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, சேனை தொட்டு வைப்பதற்கும்கூட. தேனில் வித்து இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது பெரும்பாலும் முளைப்பதில்லை, பச்சிளங்குடலில் முளைத்துவிடும். தேனைக் காய்ச்சினாலும் பயனில்லை, காரணம் முதல் குறிப்பிலேயே இருக்கிறது.

9. அறிகுறியைத் தெரிந்துவைத்திருங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும். சில நாள் கழித்தும் வரலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிறகு தளர்ச்சி கழுத்திலிருந்து கீழே இறங்கி, மூச்சுத் தசையைத் தொடும். காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாகவே இருக்கும். அதனாலேயே பக்கவாதம் என்றோ வெறும் களைப்பு என்றோ எண்ணிக் காலம் கடத்திவிடுவார்கள். எதிர்நச்சு மருந்து இருக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும், நரம்பில் ஏற்கெனவே ஒட்டியதை விடுவிக்காது. எனவே விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். முந்தைய நாட்களில் பாட்டிலிலோ டின்னிலோ அடைத்த எதைச் சாப்பிட்டார் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.