கைடு பிடிக்கும் முன் கேட்க மறந்தவை

முதல் கைடை நான் பேரைப் பார்த்துப் பிடித்தேன். ஒன்றரை வருஷத்தில் அவரோடு உட்கார்ந்து பேசியது நாலே முறை. நான் கொடுத்த முதல் இயல் அவர் மேசையில் ஐந்து மாதம் கிடந்து, ஒரு பென்சில் கோடுகூட இல்லாமல் திரும்பி வந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் எட்டுப் பேர் இருந்தோம். துறைத் தலைவர் பொறுப்பு வேறு. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேர்வரை வைத்துக்கொள்ள யுஜிசி விதி இடம் தருகிறது. எட்டுப் பேரின் இயல்களைப் படிக்க நேரம் தருவதில்லை.

கைடு மாற்றுவது என்று முடிவானதும் ஷோத்கங்கா தளத்தில் உட்கார்ந்தேன். என் விஷயம் ஏரிப் பாசன வரலாறு. அதற்குப் பொருந்திய இருவரின் பெயரையும் போட்டு, அவர்களிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைத் திறந்தேன். ஒருவரிடம் ஆறு ஆய்வேடுகள். தலைப்புகளில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. மூன்றின் நூற்பட்டியலில் ஒரே நூலுக்கு ஒரே தப்பான ஆண்டு. பதிவு செய்த வருஷத்துக்கும் பட்டம் வாங்கிய வருஷத்துக்கும் இடையே ஏழு, எட்டு வருஷம். இன்னொருவர் இணைப் பேராசிரியராக இருந்த மேடம். அவரிடம் முடித்தவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் ஐந்து வருஷம். இரண்டுமே ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதியவை என்பது அடிக்குறிப்புகளிலேயே தெரிந்தது.

ஆனால் அந்தத் தளத்தில் இருப்பவர்கள் முடித்தவர்கள் மட்டும். பாதியில் விட்டவர்களைத் துறையில்தான் விசாரிக்க வேண்டும். "மேடம் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லவங்க" என்பார்கள். அதனால் அந்த மேடத்திடம் மூன்றாம் வருஷத்தில் இருந்த ஓர் அக்காவிடம் வேறு மாதிரி கேட்டேன்.

"அக்கா, கடைசியா கொடுத்த சாப்டர் எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சு?"

"மூணு வாரம். ஆனா மாசாமாசம் பத்துப் பக்கம் கொடுத்தே ஆகணும். பாராட்டெல்லாம் எதிர்பார்க்காதே. ஒருத்தர் அது தாங்காமத்தான் போனார்."

எனக்கும் மொத்தமாக எழுதித்தான் பழக்கம். யோசித்தேன். கேட்க ஆளில்லாமல் ஒன்றரை வருஷம் கிடந்ததற்கு இந்தக் கெடுபிடி தேவலை என்று தோன்றியது.

இன்னொன்று, ஓய்வு பெறும் வருஷம். மூன்று வருஷத்துக்குக் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. நாலு வருஷம் இருப்பவர் எடுக்கலாம். ஆனால் ஆய்வேடு ஐந்து வருஷம் இழுத்தால், கடைசி வருஷத்தில் வேறு கைடின் கீழ்தான் போக வேண்டிவரும். மேடத்துக்குப் பதினொரு வருஷம் பாக்கி இருந்தது.

இடம் காலியாக ஆறு மாதம் காத்திருந்து சேர்ந்தேன். அதே முதல் இயலைத்தான் கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது, பாதிப் பக்கங்களில் குறுக்கே சிவப்புக் கோடு.